நானூற்று இருபத்தொன்பதும் கேட்டில் நின்றவர்களும்

புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளில் திறக்கும் கோப்புக்கு எங்கள் துறையில் ரீட்மி என்று பெயர். பெயரிலேயே "என்னைப் படி" என்று கெஞ்சும் கோப்பு அது. அப்படியும் யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. எட்டு மாதம் கழித்து அதில் ஒரு பகுதியை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

துபாயில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, கட்டிட வேலைக்குப் போகிறவர்களை அவர்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து சைட்டுக்குப் பஸ்ஸில் கொண்டு போகிறது. யார், இன்று, எந்த சைட்டுக்குப் போக அனுமதி பெற்றவர் என்ற விவரம் முழுக்க எங்கள் ஏபிஐயிடம் இருக்கிறது. ஏபிஐ என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மற்ற புரோகிராம்கள் வந்து கேள்வி கேட்கும் ஜன்னல், அவ்வளவுதான். கேம்ப் கேட்டில் ஒருவர் தன் அட்டையை அங்கிருக்கும் டேப்லெட்டில் வைத்தால், டேப்லெட் இந்த ஜன்னலில் வந்து "இவரை ஏற்றலாமா?" என்று கேட்கும். பதில் எண்ணாக வரும். 200 என்றால் ஏற்றலாம், பச்சை.

எங்கள் டீம் லீட் யாழ்ப்பாணத்துக்காரி. குரலை உயர்த்தாமலே வேலை வாங்கத் தெரிந்தவர். "திங்கட்கிழமை மூண்டு பேர் புதுசா வருகினம். எப்பிடி உள்ளுக்கு வாறது, நிமிஷத்துக்கு எத்தினை தரம் கேக்கலாம், என்ன பிழைக்கு என்ன நம்பர், இந்த மூண்டையும் எழுதி ரீட்மியில போடும்" என்றார்.

ஒரே காலையில் எழுதி முடித்தேன். நான் எதையுமே எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிறவள். என் அம்மாவிடம் கேட்டால் இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே சொல்வார். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இதுதான். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அடையாள எண்ணும் ரகசியச் சாவியும் உண்டு. அந்த இரண்டையும் கொடுத்தால் ஒரு டோக்கன் கிடைக்கும், அது ஒரு மணி நேரம் செல்லும். ஒவ்வொரு கேள்வியோடும் அதைக் காட்ட வேண்டும். ஓர் அடையாள எண்ணுக்கு நிமிஷத்துக்கு அறுநூறு கேள்விகள். எத்தனை டோக்கன் வாங்கினாலும், எத்தனை கருவியிலிருந்து கேட்டாலும் அதே அறுநூறுதான். பிறகு பிழை எண்கள். 401 என்றால் டோக்கன் காலாவதி, புதியது வாங்கி ஒரு தடவை மட்டும் திரும்பக் கேள். 403 என்றால் நீ யார் என்று தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை, திரும்பக் கேட்டுப் பயனில்லை. 404 என்றால் அப்படி ஒருவர் பட்டியலிலேயே இல்லை. 429 என்றால் நிமிஷக் கணக்கு தீர்ந்தது, எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பது பதிலிலேயே இருக்கும், அதுவரை பொறு.

நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டேன்: "இன்னொரு புரோகிராமின் சாவியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்." அந்த வரியை எழுதும்போது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் ஆபரேஷன்ஸ் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. அல் குசைஸ் பக்கத்துக் கேம்ப்பில் பதினோரு வேலை நாளாகப் பஸ் தாமதமாகிறது. கேட்டில் நிற்கும் டைம்கீப்பர் ஆட்களை ஏற்றாமல் நிறுத்தி வைக்கிறார். அவருக்கு ஒரு வார்னிங் லெட்டர் கொடுத்தாகிவிட்டது. "சிஸ்டம் சிவப்பு காட்டுகிறது, ஓரத்தில் 429 என்று வருகிறது" என்று அவர் சாக்குச் சொல்கிறார். அதே அட்டையைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லி அவரே கணக்கைத் தீர்த்துவிடுகிறார் என்பது அவர்கள் சந்தேகம். கேட்டின் அடையாள எண்ணில் தினமும் அந்த நேரத்தில் கேள்விகள் குவிந்திருப்பதை வரைபடமாகவே ஒட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை விசாரணை. இரண்டாவது வார்னிங் வந்தால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவார்கள். 429 என்றால் என்ன என்று உங்கள் ரீட்மியில் இருப்பதை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நான் எழுதியதைப் படித்துப் பார்த்த லீட், "நீர் எழுதினது பிழையில்லை. ஆனா அந்த மனுசன் வீட்ட போறதும் நிக்கிறதும் இந்த ஒரு வரியில இருக்கு. அனுப்ப முதல் ஒருக்கா கேட்டடிக்குப் போய்ப் பாரும்" என்றார்.

எனக்கு எரிச்சல். அந்தக் கேம்ப் என் ஃபிளாட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே, இரண்டு வருடமாக அந்தப் பக்கம் குடியிருந்தும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. கோடையில் மதிய வெயிலில் வெளிவேலை கிடையாது என்பதால் வேலையை விடியலுக்கே இழுத்துவிடுவார்கள். ஐந்து மணிக்கெல்லாம் கேட்டில் இருக்க வேண்டும். இடுப்பில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு, மனதுக்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டே நடந்தேன். அந்நேரத்திலேயே காற்று ஈரத்துணியாக முகத்தில் ஒட்டியது.

கேட்டைப் பார்த்ததும் திட்டு நின்றுவிட்டது. நான் இருபது முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். நூற்றுக்கணக்கான பேர். குளித்து, தலை சீவி, சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக, பேச்சுச் சத்தமே பெரிதாக இல்லாமல், இரண்டு வரிசையாக. மூன்று பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. ஆபீசில் என் திரையில் ஒரு கேள்வி என்று ஓடுவது இங்கே ஒரு மனிதர். இதை முன்பு நினைத்துப் பார்க்காததற்கு வெட்கமாக இருந்தது.

டைம்கீப்பர் கீழக்கரைப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டு, கையில் முள் ஓடும் பழைய கடிகாரம். ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் இறுகியது.

"எழுதிக்கிட்டுப் போக வந்தியளா மேடம்?"

"பாக்கத்தான் வந்தேன் பாய். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

ஐந்து ஒன்பது வரைக்கும் எல்லாம் பச்சை. ஓர் அட்டை, ஒரு டிக் சத்தம், ஒருவர் ஏறுவார். ஐந்து பத்துக்கு மேல் இரண்டு டேப்லெட்டிலும் ஒன்றாகச் சிவப்பு. "நாட் அலவ்ட்" என்று பெரிய எழுத்து, ஓரத்தில் எறும்பு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் 429. எங்கள் ஆப், 200 தவிர வேறு எது வந்தாலும் சிவப்புதான் காட்டும் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அட்டை வைத்தவர் முகம் சுண்டிப்போய், தான் என்ன தப்புச் செய்தோம் என்பதுபோல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

டைம்கீப்பர் பதறவில்லை. கையை உயர்த்தினார். "ருக்கோ பாய், ருக்கோ. யாரும் வைக்காதீய." இரண்டு வரிசையும் அப்படியே நின்றது. அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விநாடி முள் மேலே ஏறி உச்சியைத் தொட்டது. "யல்லா, யல்லா, ஜல்தி." அட்டைகள் மளமளவென்று விழுந்தன. பச்சை, பச்சை, பச்சை. கால் நிமிஷம் கடந்ததும் மறுபடி கை உயர்ந்தது. "கலாஸ். ருக்கோ." அவர் கை உயர்ந்த பிறகும் ஒருவர் அவசரத்தில் வைத்தார். சிவப்பு.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் ஏபிஐ நிமிஷம் திரும்பும்போதுதான் கணக்கைப் பூஜ்யமாக்கி மறுபடி அறுநூறு தரும். இது சர்வருக்குள் ஒரு கவுண்டரில் நடக்கிற விஷயம். எங்கள் டீமிலேயே இரண்டு பேருக்குத்தான் இது சரியாகத் தெரியும். இந்த மனிதர் ஒரு கடிகார முள்ளை வைத்துக்கொண்டு வெளியே நின்று கண்டுபிடித்திருக்கிறார்.

"இது எப்படித் தெரிஞ்சுது பாய்?"

"தெரியலையே மேடம். பாத்துக்கிட்டே இருந்தேன்." நோட்டை எடுத்து நீட்டினார்.

நானும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். எத்தனையோ பேர் எழுதிய ஆவணங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டை நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஒவ்வொரு சிவப்புக்கும் நேரம், ஆள், ஓரத்து எண். கடைசிப் பக்கத்தில் அவராகவே பிரித்து எழுதியிருந்தார். 401: ஒரு டேப்லெட்டில் மட்டும் எல்லாருக்கும் வரும், அணைத்துப் போட்டால் போகும். 403: ஒரே ஆளுக்கு வரும், எத்தனை தடவை வைத்தாலும் வரும், சைட் மாறியிருக்கும், ஆபீசுக்குப் போன் பண்ணு. 404: நேற்று வந்த புது ஆள், அட்டை இன்னும் ஏறவில்லை. 429: நேற்று போன ஆளுக்கும் வரும், இரண்டு டேப்லெட்டிலும் வரும், ஆள் மேல் தப்பு இல்லை, முள் மேலே வரட்டும்.

நான் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய அட்டவணைதான். ஆனால் இவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. ரீட்மியை ஒரு நாளும் பார்த்திராத ஒருவர், நின்றவர்களின் முகத்திலிருந்து அதை எழுதியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுக்கம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் 429-இன் முதல் வரியில் இருந்த நாளைப் பார்த்தேன். பெருநாள் லீவு முடிந்த முதல் வேலை நாள். காலை ஐந்து பத்து. அடுத்த நாளும் ஐந்து பத்து. எல்லா நாளும் ஐந்து பத்து.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது எனக்கு. அந்த நேரத்தைக் குறித்தவள் நான்.

பெருநாள் லீவுக்கு முன்னால் ஒரு ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள். எல்லாத் தொழிலாளர் விவரத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எடுக்கும் சின்ன புரோகிராம் எழுதினேன். அதற்குத் தனி அடையாள எண் வாங்க விண்ணப்பித்தால் நாலு நாள் ஆகும் என்றார்கள். பக்கத்து மேஜைக்காரர், "அதுவரைக்கும் கேட்டோட சாவியைப் போட்டு ஓட்டுங்க" என்றார். இந்த ஊரில் இதில் யாருக்கும் உறுத்தல் கிடையாது. வந்து இறங்கினால் ஐடி கைக்கு வரும்வரை இன்னொருத்தர் பேரில் சிம், இன்னொருத்தர் பேரில் இருக்கும் ரூமில் ஒரு கட்டில். நானும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தேன். என் எண் நாலாம் நாளே வந்துவிட்டது. அந்த மெயிலைப் பார்த்தேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். வேலைதான் நடக்கிறதே.

நேரத்தையும் நல்ல மனதோடுதான் தேர்ந்தெடுத்தேன். விடியற்காலை ஐந்து பத்து, ஒருவருக்கும் தொந்தரவு இருக்காது என்று. ஆபீஸ்காரிக்கு அது ஊர் தூங்கும் நேரம். 429 வந்தால் பொறுக்கச் சொல்லும் வரியையும் எழுதாமல், கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு என்று விட்டிருந்தேன். அது ஒவ்வொரு நிமிஷமும் முதல் கால் நிமிஷத்தில் அறுநூறையும் விழுங்கியது. மிச்ச நேரத்தில் இந்த மனிதர்கள் சிவப்பைப் பார்த்து நின்றார்கள். வரைபடத்தில் எல்லாம் கேட்டின் பேரில், அதாவது இவர் தலையில், ஏறிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் தடித்த எழுத்தில் ஊருக்கு உபதேசம்.

காவலர் கேபினில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போய் என் புரோகிராமை நிறுத்தினேன். விரல் வியர்த்து இரண்டு தடவை பாஸ்வேர்டு தப்பானது. நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது அவர் கையை உயர்த்தியபடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிஷம் திரும்பியது. பச்சை. கால் நிமிஷம் போயிற்று, அரை நிமிஷம் போயிற்று. கையை இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் வைத்திருந்தார். பச்சை நிற்கவே இல்லை.

"மேடம், இன்னிக்கு முன்னாடியே விட்டுடுச்சு. எப்பவும் அஞ்சே முக்கால் வரைக்கும் இருக்கும்" என்றார்.

கடைசி பஸ் போகும்வரை ஓரமாக நின்றேன். அவர் காகித டம்ளரில் கரக் டீ வாங்கி வந்து கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு சொல்லாமல் இருப்பது அசிங்கம் என்று பட்டது. சொன்னேன். கேட்டின் சாவியை எடுத்தது, ஐந்து பத்து, அறுநூறு, எல்லாம்.

அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப நிமிஷக் கணக்கு சரிதான்?"

"அச்சு அசல் சரி பாய். எங்க ஆளுங்களுக்கே தெரியாது."

ஒரு கணம் அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. பரீட்சையில் தேறியவருக்கு வருவது மாதிரி. பிறகு அது போய்விட்டது. "எம் பேருல ஒரு லெட்டர் இருக்கு மேடம். வீட்டுல சொல்லலை. பதினோரு நாளா தூக்கம் இல்லை. அதை நீங்க எப்படி அழிப்பிய?"

"எழுதி அழிக்கிறேன்" என்றேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

அன்றே லீடிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதற்குக் கத்தியிருக்கலாம். "சாவிய முதல் மாத்துவம். நீர் எழுதும்" என்று மட்டும் சொன்னார். கேட்டுக்குப் புதுச் சாவி போட்டோம். என் புரோகிராமுக்கு அதன் சொந்த எண்ணைக் கொடுத்தேன். பொறுக்கச் சொன்னால் பொறுக்கவும், பகல் பத்து மணிக்கு ஓடவும் கற்றுக்கொடுத்தேன். பிறகு ரீட்மியைத் திறந்து என் அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்: கேட்டில் இது எப்படித் தெரியும். அந்தப் பத்தி முழுக்க அவருடைய நோட்டு. டைம்கீப்பரின் குறிப்பேட்டிலிருந்து என்று கீழே எழுதினேன். தடித்த எழுத்து உபதேசத்தை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதினேன். கேட்டின் சாவியில் ஓடிய ஒரு ரிப்போர்ட் புரோகிராம் பதினோரு நாள் கேட்டின் கணக்கைத் தின்றது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தவறு செய்யாதவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அந்தப் புரோகிராமை எழுதியவரே இந்தப் பகுதியையும் எழுதுகிறார்.

கடைசி வாக்கியத்தை மூன்று தடவை அழித்து மூன்று தடவை எழுதினேன். எனக்கும் விசா இருக்கிறது, பயமும் இருக்கிறது.

வியாழக்கிழமை விசாரணையில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஆபரேஷன்ஸ் மேனேஜர் சர்வரின் பதிவையும் அந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். பதினோரு நாளும் நிமிஷம் பிசகாமல் ஒத்தது. வார்னிங் லெட்டரைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு ஒன்று வந்தது, நியாயம்தான். டேப்லெட்டில் 429-க்குச் சிவப்பு வேண்டாம், "பொறுங்கள்" என்று மஞ்சள் காட்டி விநாடியை எண்ணட்டும் என்று முடிவானது.

வெளியே வந்தபோது அவர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய லாத்தா." அந்த நொடியில் மேடம் போய் லாத்தா வந்துவிட்டதை நான் கவனித்தேன். அவர்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். "ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு."

எனக்குக் கோபம் வரப் பார்த்தது. இத்தனைக்கும் பிறகு இன்னும் என்ன?

"மெசின் பொறுக்கணும்னு எழுதியிருக்கிய. எத்தினி விநாடின்னும் இருக்கு. நிக்கிறவன்கிட்ட என்ன சொல்லணும்னு இல்லையே. சிவப்பைப் பாத்ததும் அவன் நெனைக்கிறது ஒண்ணுதான், நம்ம பேரை எடுத்துட்டாங்க, ஊருக்கு அனுப்பப் போறாங்கன்னு. நான் ஒவ்வொருத்தனுக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டு நின்னேன். உம் பேரு இருக்குப்பா, பயப்படாதேன்னு."

பதினோரு நாள், ஒவ்வொரு காலையும், இதையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தவர்தான் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்.

திங்கட்கிழமை புதியவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். ரீட்மியைத் திறந்து கொடுத்துவிட்டு, அவர்கள் 429-க்கு வரும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த வரி இப்படி முடிகிறது: "பதிலில் சொன்ன விநாடிகள் பொறுக்கவும். எதிரே நிற்பவரிடம் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று முதலில் சொல்லவும்."